அத்தை போனில் கல்யாண வீடியோ: பென்டிரைவிலிருந்து போனுக்கும் போனிலிருந்து பென்டிரைவுக்கும்

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கும் என் அத்தைக்கு ஒரே ஆசைதான், மேட்டுப்பாளையத்தில் நடந்த மகள் கல்யாண வீடியோவை சாயங்காலம் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து தன் போனிலேயே பார்க்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, போனிலும் இடம் கிடையாது. லைன் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிய விஷயம், அதனால் நெட்டில் ஏற்றி இறக்குகிற பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் பென்டிரைவை நேராகப் போனில் செருக உதவும் ஒரு சின்ன ஓடிஜி அடாப்டரை வைத்துத்தான் முடித்தோம். அன்றைக்கு செய்ததை அப்படியே வரிசையாக எழுதுகிறேன், முதல் தடவை செய்கிறவர்களுக்காக. எல்லாம் ஆண்ட்ராய்டு போனுக்கானது.

அடாப்டர் வாங்கும்போது

முதலில் உங்கள் போனின் சார்ஜர் துளையைப் பாருங்கள். முட்டை வடிவில், எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் உள்ளே போனால் அது டைப்-சி. ஒரு பக்கம் அகலமாகவும் இன்னொரு பக்கம் குறுகியும் இருந்து, ஒரே வாக்கில்தான் போகும் என்றால் மைக்ரோ யூஎஸ்பி. கடையில் போய் "டைப்-சி ஓடிஜி வேணும், பென்டிரைவ் போடுறதுக்கு" என்று கடைசி வார்த்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏனென்றால் பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொரு குட்டி சாமானும் விற்கிறார்கள், அது பழைய மைக்ரோ சார்ஜர் ஒயரை டைப்-சி போனில் போடுவதற்கானது, அதில் பென்டிரைவே நுழையாது. உங்களுக்கு வேண்டியதில் ஒரு முனை போனுக்குள் போகும், மறு முனையில் பென்டிரைவ் நுழைகிற நீள்சதுர வாய் இருக்கும். முடிந்தால் போனையும் பென்டிரைவையும் கடைக்கே எடுத்துப் போய் அங்கேயே செருகிப் பாருங்கள். மலையிலிருந்து குன்னூர் வரை பஸ் ஏறிப் போய் வாங்கிவிட்டு மறுபடி மாற்றப் போவது ஒரு நாள் வேலை.

இரண்டு முனையும் உள்ள பென்டிரைவ் என்று ஒன்று கிடைக்கிறது, ஒரு பக்கம் சாதாரண யூஎஸ்பி, மறு பக்கம் டைப்-சி. புதிதாகவே பென்டிரைவ் வாங்குவதாக இருந்தால் அதையே வாங்கிவிடலாம், அடாப்டர் தொலைகிற பிரச்சினை இருக்காது.

செருகியும் ஒன்றும் வரவில்லை என்றால்

அத்தை போனில் செருகினேன், ஒன்றுமே நடக்கவில்லை. பென்டிரைவில் விளக்குகூட எரியவில்லை. விளக்கு உள்ள பென்டிரைவாக இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பென்டிரைவுக்குக் கரண்ட் கொடுப்பது போன்தான், விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் கரண்டே போகவில்லை என்று அர்த்தம். அப்போது கோப்பு, ஃபார்மட் என்றெல்லாம் யோசித்துக் குழம்ப வேண்டாம்.

காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம். ஒன்று, போனின் பின்கவர். தடிமனான ரப்பர் கவர் இருந்தால் அடாப்டரின் முனை முழுசாக உள்ளே போகாது, அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலே தொடர்பு கிடைக்காது. கவரைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். இரண்டாவது, செட்டிங். சில கம்பெனி போன்களில் OTG என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை நாமே போட வேண்டும். Settings திறந்து மேலே உள்ள தேடும் பெட்டியில் OTG என்று அடித்தால் காட்டிவிடும். அந்த மாதிரி போன்களில் கொஞ்ச நேரம் எதுவும் செருகாமல் விட்டால் சுவிட்ச் தானாகவே அணைந்துவிடுகிறது, அதனால் நேற்று வேலை செய்தது இன்றைக்குச் செய்யவில்லை என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். அடித்துப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை என்றால் உங்கள் போனில் அந்த சுவிட்ச் தேவையில்லாமலும் இருக்கலாம்.

மூன்றாவது காரணம்தான் அத்தை போனில் இருந்தது. எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் ஸ்வெட்டர்தான், போன் கிடப்பதும் ஸ்வெட்டர் பையில்தான். டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மெத்தை மாதிரி தெரிந்தது. போனை அணைத்துவிட்டு ஒரு மரப் பல்குச்சியை ஓரமாக விட்டு மெதுவாக நெம்பினேன். கம்பளிப் பஞ்சு, தேயிலைத் தூள், எல்லாம் சேர்ந்து இறுகி, துளையின் வடிவத்திலேயே ஒரு துண்டாக வெளியே வந்தது. தினமும் சார்ஜர் செருகிச் செருகியே அடியில் அழுத்தியிருக்கிறோம். "ஓ, அதுதான் சார்ஜர் அடிக்கடி லூசா இருந்துச்சா" என்றார் அத்தை. ஊசி, குண்டூசி, ஹேர்பின் எதையும் விடாதீர்கள், உள்ளே நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் சார்ஜும் ஏறாது. சுத்தம் செய்துவிட்டுச் செருகினேன், விளக்கு எரிந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழையில், மூடுபனியில் நடந்து வந்து நேராக அடுப்படிக்குள் போனால் குளிர்ந்த போன் மேல் நீர் பூக்கும், கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும். அந்த ஈரம் சார்ஜர் துளைக்குள்ளும் இருக்கும். சில போன்கள் துளையில் ஈரம் என்று எச்சரிக்கை காட்டும், எல்லாப் போனும் காட்டாது. துளையைக் கீழ்நோக்கி வைத்து அரை மணி நேரம் அறையிலேயே விட்டுவிட்டு அப்புறம் செருகுங்கள். அடுப்புப் பக்கம் வைத்துக் காய வைக்க வேண்டாம், பேட்டரிக்கு ஆகாது.

Format என்று கேட்டால் கையை எடுங்கள்

விளக்கு எரிந்ததும் போனின் மேலே ஒரு அறிவிப்பு வந்தது. USB drive-இல் ஏதோ சிக்கல், சரிசெய்யத் தட்டவும் என்கிற மாதிரி. தட்டினால் உள்ளே Format என்று ஒரு பொத்தான். அத்தை விரல் ஏற்கெனவே அதன் பக்கத்தில் இருந்தது. "அத்தை, இருங்க" என்று கையைப் பிடித்துவிட்டேன். அதை அழுத்தியிருந்தால் கல்யாண வீடியோ மொத்தமும் போயிருக்கும். Format என்றால் பென்டிரைவை அழித்துவிட்டுப் புதிதாகக் கோடு போட்டுக்கொள்வது. சரிசெய்யத் தட்டவும் என்று போன் சொல்வது, போன் தனக்கு வசதியாகச் சரிசெய்துகொள்வதைத்தான். உள்ளே இருப்பது உங்களுக்கு வேண்டியது என்று அதற்குத் தெரியாது.

இது ஏன் வருகிறது என்றால், பென்டிரைவுக்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை ஒன்று இல்லை, மூன்று புழக்கத்தில் இருக்கின்றன. FAT32 என்பது பழையது, எல்லாப் போனும் படிக்கும், ஆனால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொட்டுவிட்டால் ஏற்றுக்கொள்ளாது, பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் சரி. NTFS என்பது விண்டோஸ் கம்ப்யூட்டருக்கானது, நிறைய ஆண்ட்ராய்டு போன்கள் அதைப் படிக்காது. exFAT-இல் அந்த 4 ஜிபி தடை கிடையாது, இப்போது வரும் போன்கள் பெரும்பாலும் படிக்கின்றன, பழைய போன்களில் சில படிக்காது.

பென்டிரைவ் எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பக்கத்து லைனில் கல்லூரிக்குப் போகிற தம்பி ஒருவனிடம் லேப்டாப் இருந்தது. அதில் செருகி, பென்டிரைவ் மேல் வலது பொத்தானை அழுத்தி Properties திறந்தால் File system என்ற வரியில் எழுதியிருக்கும். NTFS என்றுதான் இருந்தது. ஸ்டூடியோக்காரர் மேலும் தப்பில்லை, கல்யாண வீடியோவில் ஒரு கோப்பு மட்டும் 5.2 ஜிபி, FAT32-இல் அவரால் போட்டிருக்கவே முடியாது.

நாங்கள் செய்தது இதுதான். 32 ஜிபி பென்டிரைவ் புதிதாக ஒன்று வைத்திருந்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. அதை லேப்டாப்பிலேயே exFAT ஆக மாற்றினோம், அதே வலது பொத்தானில் Format, File system என்ற இடத்தில் exFAT, அவ்வளவுதான். காலியான பென்டிரைவ் என்பதால்தான் தைரியமாகச் செய்தோம். உடனே அதை அத்தை போனில் செருகிப் பார்த்தேன், படித்தது. அப்புறம்தான் லேப்டாப்பில் இரண்டையும் செருகி, வீடியோ 3 கோப்புகள், மொத்தம் 7 ஜிபி, புதியதற்கு மாற்றினோம். ஸ்டூடியோ பென்டிரைவை அதோடு எடுத்து பீரோவில் வைத்தாயிற்று. அதில் எதையும் எழுதவும் இல்லை, அழிக்கவும் இல்லை. உங்களிடமும் இப்படி மூலப் பிரதி உள்ள பென்டிரைவ் இருந்தால் போனில் வைத்துப் பழகிப் பார்க்க அதை எடுக்காதீர்கள்.

முதலில் போனிலிருந்து வெளியே

அத்தை போன் 64 ஜிபி, காலி இடம் 2 ஜிபிதான். 7 ஜிபி வீடியோ நுழைய வேண்டுமென்றால் போட்டோக்களை வெளியே எடுத்தாக வேண்டும். கேமரா படங்களும் வீடியோக்களும் 9 ஜிபி, வாட்ஸ்அப்பில் வந்தவை 2 ஜிபி.

பென்டிரைவ் போட்டிருக்கும்போது சார்ஜர் போட முடியாது, துளை ஒன்றுதானே. அதனால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது ஆரம்பியுங்கள். போனை மேஜையில் படுக்க வைத்துவிடுங்கள், கையில் வைத்துக்கொண்டு பென்டிரைவ் தொங்கினால் ஒரு அசைவில் தொடர்பு விட்டுப்போகும்.

Files என்ற கூகுள் ஆப் நிறைய போன்களில் ஏற்கெனவே இருக்கும், இல்லையென்றால் பிளே ஸ்டோரில் இலவசம். திறந்து கீழே வந்தால் Internal storage, USB drive என்று இரண்டும் தெரியும். முதலாவது போனின் வயிறு, இரண்டாவது பென்டிரைவ். முதல் தடவை USB drive தொட்டால் அனுமதி கேட்கலாம், Allow கொடுங்கள். பென்டிரைவ் இந்த ஆப்பில் தெரியவில்லை என்றால் உங்கள் போனோடு வந்த கோப்பு ஆப்பில் பாருங்கள், பெயர்கள் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

கேமரா படங்கள் இருக்கும் இடம்:

```
Internal storage/DCIM/Camera
```

வாட்ஸ்அப் படங்கள் கொஞ்சம் ஆழத்தில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிறகு வந்தது உள்ள போன்களில்:

```
Internal storage/Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

DCIM உள்ளே போய், Camera ஃபோல்டர் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் டிக் விழும். மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் Copy to, Move to என்று இரண்டு வரும். Copy to மட்டும் எடுங்கள். Move to என்பது அங்கே போட்டுக்கொண்டே இங்கே அழித்துக்கொண்டு போவது, பாதியில் பென்டிரைவ் ஆடினாலோ பேட்டரி போனாலோ எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். இடம் காலி செய்வதுதான் நோக்கம் என்றாலும் முதலில் நகல், அப்புறம் சரிபார்ப்பு, கடைசியில் அழிப்பு. அப்புறம் USB drive தேர்ந்தெடுத்து Copy here கொடுத்தால் ஓட ஆரம்பிக்கும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். விலை குறைந்த பென்டிரைவ்களில் எழுதும் வேகம் நொடிக்கு 8 எம்பி என்று வைத்துக்கொண்டால் 11 ஜிபிக்கு 23 நிமிஷம் கணக்கு வரும். எங்களுக்கு 35 நிமிஷம் ஆனது. ஒரே பெரிய வீடியோவைவிட இரண்டாயிரம் சின்னப் படங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பெயர் எழுதி இடம் ஒதுக்க வேண்டும். வேகமான பென்டிரைவ் வாங்கினாலும், நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் டைப்-சி துளை இருந்தாலும் உள்ளே யூஎஸ்பி 2.0 தான், ஒரு அளவுக்கு மேல் வேகம் ஏறாது. பென்டிரைவ் சூடாகும், பயப்பட வேண்டாம்.

சரிபார்ப்பு, இதில் மட்டும் அவசரம் வேண்டாம்

ஓடி முடிந்தது என்று போன் சொன்னாலும் உடனே உருவாதீர்கள். பென்டிரைவ் விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து அறிவிப்புத் திரையை இறக்கினால் USB drive என்பதன் கீழே Eject இருக்கும். இல்லையென்றால் Settings-இல் Storage திறந்து அங்கே பாருங்கள். Eject தொட்டு, எடுக்கலாம் என்று செய்தி வந்த பிறகு உருவுங்கள்.

ஒரு தடவை நான் இதைச் செய்யாமல் உருவி, என் சொந்த போட்டோக்களில் கடைசி நாலைந்து கெட்டுப்போயின. ஃபோல்டரில் பெயர் இருந்தது, சின்னப் படமும் தெரிந்தது, திறந்தால் மேல் பாதியில் என் தங்கை முகம், கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். நல்லவேளை போனில் அசல் இருந்தது.

அதனால் Eject செய்து உருவிவிட்டு, மறுபடி செருகுங்கள். இப்போது திரையில் தெரிவது நிஜமாகவே பென்டிரைவில் எழுதப்பட்டது. Camera ஃபோல்டரைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் மேலே எத்தனை என்று எண் காட்டும். போனில் 2,140, பென்டிரைவிலும் 2,140 என்று இருக்க வேண்டும். குறைந்தால் அந்த நகலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், எது விட்டுப்போனது என்று தேடுவதைவிட அது சுலபம். எண் சரியாக இருந்தால் முதலில் ஒன்று, நடுவில் இரண்டு மூன்று, கடைசியில் ஐந்தாறு படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். வீடியோ என்றால் கடைசி நிமிஷத்துக்கு இழுத்து ஓட்டிப் பாருங்கள். நகலில் தேதி எல்லாம் இன்றைய தேதியாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், அது நகல் எடுத்த தேதி. படம் எடுத்த நாள் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், நிறைய போன்களில் கோப்பின் பெயரிலும் இருக்கும்.

அழிப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பென்டிரைவும் ஒரு நாள் சொல்லாமல் போகிற பொருள்தான், போனில் அழித்த பிறகு அது ஒன்றே பிரதி என்று ஆகிவிடக் கூடாது. அந்தத் தம்பி லேப்டாப்பில் "அத்தை போட்டோ" என்று ஒரு ஃபோல்டர் போட்டு இன்னொரு நகல் வைத்தோம். பிறகுதான் போனில் அழித்தோம்.

அழித்தும் காலி இடம் கூடவில்லை, இன்னும் 2 ஜிபிதான் காட்டியது. Files ஆப்பில் அழிப்பவை முதலில் Trash-க்குப் போய் 30 நாள் அங்கேயே கிடக்கும், இடமும் அடைந்தே இருக்கும். ஆப்பின் மெனுவில் Trash திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நிரந்தரமாக நீக்கினோம். 13 ஜிபி காலியானது.

இப்போது போனுக்குள்ளே

இது அதே வேலை, திசை மட்டும் வேறு. USB drive திறந்து 3 வீடியோவையும் டிக் செய்து, Copy to, Internal storage, அதற்குள் Movies ஃபோல்டர், Copy here. எந்த ஃபோல்டரில் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள். பாட்டு என்றால் Music, படம் என்றால் Pictures, பத்திரம், மார்க் ஷீட் மாதிரி பிடிஎஃப் என்றால் Documents. கண்ட இடத்தில் போட்டுவிட்டுக் கேலரியில் தேடினால் கிடைக்காது. சரியான இடத்தில் போட்டும் கேலரியில் தெரியவில்லை என்றால் சில நிமிஷம் பொறுங்கள், அப்படியும் வரவில்லை என்றால் போனை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், புதிய கோப்புகளைத் தேடிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். 5.2 ஜிபி கோப்பு போனுக்குள் போக எந்தத் தடையும் இல்லை, அந்த 4 ஜிபி கட்டுப்பாடு FAT32 பென்டிரைவுக்கு மட்டும்தான்.

பென்டிரைவிலிருந்து படிப்பது எழுதுவதைவிட வேகம், 7 ஜிபியும் ஐந்தாறு நிமிஷத்தில் ஏறிவிட்டது. வீடியோ திறக்கவில்லை, அல்லது சத்தம் மட்டும் வருகிறது என்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள், போனோடு வந்த பிளேயருக்கு அந்த வகை தெரியாமல் இருக்கலாம். VLC என்ற பிளேயர் ஆப்பைப் போட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சென்டர், பிரிண்ட் கடை என்று சுற்றிவந்த பென்டிரைவாக இருந்தால் உள்ளே உங்கள் கோப்புகளுக்குப் பதில் .lnk என்று முடியும் கோப்புகள் தெரியலாம். அது விண்டோஸ் வைரஸ் வேலை, அசல் கோப்புகளைப் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி மறைத்து வைத்திருக்கும். கம்ப்யூட்டரில் தெரியாத அந்த ஃபோல்டர் போனில் பெரும்பாலும் தெரியும், ஏனென்றால் விண்டோஸ் மறைத்து வைக்கும் அடையாளத்தை ஆண்ட்ராய்டு கண்டுகொள்வதில்லை. பெயர் இல்லாத அதைத் தொட்டுத் திறந்து, உங்களுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். .lnk, .exe எதையும் எடுக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் மறுபடி Eject, மறுபடி உருவல். அடாப்டரையும் போனிலிருந்து கழற்றிவிடுங்கள், பென்டிரைவோடு செருகியே விட்டால் ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். அத்தை அடாப்டரைப் பழைய தைலப் பாட்டில் டப்பா ஒன்றில் போட்டு பீரோவில் ஸ்டூடியோ பென்டிரைவ் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் கிளம்பும்போது வீடியோவில் தாலி கட்டும் இடத்துக்கு நேராக இழுத்துப் போவது எப்படி என்று கேட்டார், கீழே உள்ள கோட்டில் விரலை வைத்து நகர்த்தக் காட்டிவிட்டு வந்தேன்.